சின்கிளேர் கெழு: வெவ்வேறு உடல் எடை வீரர்களில் ஒரே ஒரு ‘சிறந்த பளுதூக்கும் வீரரை’த் தேர்ந்தெடுப்பது எப்படி?

பளுதூக்கும் போட்டியில் ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் தனித்தனியே பதக்கம் கொடுத்துவிடலாம். அதில் சிக்கல் இல்லை. போட்டி முடிந்ததும் ‘எல்லாப் பிரிவுகளிலும் சேர்த்து யார் பலசாலி?’ என்று ஒரே ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. 56 கிலோ எடையுள்ளவரையும் 105 கிலோ எடையுள்ளவரையும் எதை வைத்து ஒப்பிடுவது?

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் பதக்கம் வென்ற இந்திய ஆண்கள் ஆறு பேரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஆறு பேரும் ஆறு வெவ்வேறு பிரிவுகளில் தூக்கியதால் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பட்டியல் கிடைப்பது அரிது. ஸ்னாட்சிலும் கிளீன் அண்ட் ஜெர்க்கிலும் அவர்களுடைய சிறந்த தூக்கல்களைக் கூட்டிய மொத்தம், அப்போது நடப்பில் இருந்த எடைப் பிரிவுகளோடு, இது:

குருராஜா, 56 கிலோ பிரிவு: 249 கிலோ
தீபக் லாதர், 69 கிலோ பிரிவு: 295 கிலோ
சதீஷ் சிவலிங்கம் (வேலூர்), 77 கிலோ பிரிவு: 317 கிலோ
வெங்கட் ராகுல், 85 கிலோ பிரிவு: 338 கிலோ
விகாஸ் தாக்கூர், 94 கிலோ பிரிவு: 351 கிலோ
பிரதீப் சிங், 105 கிலோ பிரிவு: 352 கிலோ

மொத்தத்தை மட்டும் பார்த்தால் விருது 105 கிலோ பிரிவுக்குப் போகும். எந்தப் போட்டியிலும் இந்த வழி கனமானவர்கள் பக்கமே சாயும். ‘தன் எடையைப் போல் எத்தனை மடங்கு தூக்கினார்?’ என்று கேட்டால் எதிர்ப்பக்கம் சாயும். குருராஜா 4.45 மடங்கு, சதீஷ் 4.12 மடங்கு, பிரதீப் 3.35 மடங்கு. வரிசை அப்படியே தலைகீழாகிவிட்டது. காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, எடையோ பருமனைப் பொறுத்தது. உடல் பெரிதாகும்போது பருமன் கூடும் வேகத்தில் பரப்பு கூடுவதில்லை. ஆகவே உடல் எடை இரண்டு மடங்கானாலும் தூக்கும் எடை இரண்டு மடங்காகாது. எடையால் வகுத்துப் பார்ப்பது எளிதாகத் தெரிந்தாலும், கனமானவருக்கு அது அநியாயமான கணக்கு.

சின்கிளேர் என்ன செய்தார்

கனடாவைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் ராய் சின்கிளேர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு பிரிவிலும் உலகின் தலைசிறந்த மொத்தங்களை எடுத்து, உடல் எடைக்கும் தூக்கிய எடைக்கும் மடக்கை போட்டு வரைந்தால் புள்ளிகள் ஏறத்தாழ ஒரு பரவளைவில் விழுகின்றன. எடை கூடக் கூட வளைவு ஏறுகிறது, ஏற்றம் மெல்லக் குறைகிறது, ஓர் இடத்தில் உச்சியைத் தொடுகிறது. அந்த உச்சியில் இருக்கும் உடல் எடைதான் சூத்திரத்தில் வரும் b. அதைவிடக் கனமானவருக்கு எந்தச் சலுகையும் கிடையாது. வளைவு எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது A.

ஒருவரின் உடல் எடைக்கு ஏற்ற கெழுவைக் கண்டுபிடித்து அவருடைய மொத்தத்தோடு பெருக்கினால் சின்கிளேர் மொத்தம் வரும். ‘இதே திறமை உள்ளவர் மிகக் கனமான உடலோடு இருந்திருந்தால் எத்தனை கிலோ தூக்கியிருப்பார்?’ என்ற கேள்விக்கான விடை அது. அதனால்தான் அந்த எண்ணைப் படிக்கும்போது கிலோ போலவே தோன்றுகிறது.

```
x <= b :  SC = 10^( A * (log10(x/b))^2 )
x >  b :  SC = 1
```

SC என்பது கெழு, x என்பது வீரரின் உடல் எடை. A, b இரண்டும் ஒலிம்பிக் சுழற்சிக்கு ஒருமுறை, அதாவது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, புதிதாகக் கணக்கிடப்படுகின்றன. 2017 முதல் 2020 வரையிலான சுழற்சிக்கு ஆண்களுக்கு A = 0.751945030, b = 175.508. பெண்களுக்கு A = 0.783497476, b = 153.655. கோல்ட் கோஸ்ட் போட்டி இந்தச் சுழற்சிக்குள் வருவதால் நம் கணக்குக்கும் இவையே.

போட்டிக்கு முன் எழுதிவைக்க வேண்டியவை

எந்தச் சுழற்சியின் எண்களைப் பயன்படுத்தப் போகிறோம் என்பதைப் போட்டி விதிகளில் A, b மதிப்புகளோடு அச்சிட்டுவிட வேண்டும். ‘சின்கிளேர் முறைப்படி’ என்று மட்டும் எழுதினால் போதாது. ஏன் போதாது என்பது கீழே கணக்கிலேயே தெரியும். விருதுக்கு மொத்தம் இருந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்னாட்சில் மூன்று முயற்சிகளிலும் தவறியவருக்கு மொத்தம் இல்லை, ஆகவே சின்கிளேர் மொத்தமும் இல்லை. இறுதி எண்ணை இரண்டு தசமத்துக்கு முழுமையாக்குவது, சமமாக வந்தால் அடுத்தடுத்த தசமங்களைப் பார்ப்பது ஆகிய இரண்டையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். கோப்பை மேசைக்கு வந்த பிறகு எடுக்கும் எந்த முடிவையும் தோற்றவர் நம்பமாட்டார்.

உடல் எடையைச் சரியாகப் பதிவது

பிரிவுப் பதக்கத்துக்கு ஒருவர் 77 கிலோவைத் தாண்டவில்லை என்று தெரிந்தால் போதும். 75.10 ஆனாலும் 76.90 ஆனாலும் அவர் 77 கிலோ பிரிவுதான். பழக்கத்தில் எடை பார்ப்பவர்களும் ‘தாண்டவில்லை’ என்று பார்த்துவிட்டு, பதிவேட்டில் பிரிவின் எண்ணையே எழுதிவிடுவார்கள். சிறந்த வீரர் விருது கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தராசு காட்டும் எடையை இரண்டு தசமம் வரை எழுதி, வீரரிடமோ பயிற்சியாளரிடமோ கையெழுத்து வாங்குங்கள். எடை பார்ப்பது போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் ஆரம்பித்து ஒரு மணி நேரம் நடக்கும். எல்லா அமர்வுகளுக்கும் ஒரே தராசு இருக்கட்டும்.

தராசில் ஒரு கிலோ கூடுதலாகக் காட்டினால் என்ன நஷ்டம்? 317 கிலோ தூக்கியவர் 77 கிலோ என்றால் அவருடைய சின்கிளேர் மொத்தம் 395.66. 76 கிலோ என்றால் 398.48. ஏறத்தாழ 2.8 புள்ளி. 249 கிலோ தூக்கியவரை 55 கிலோவுக்குப் பதில் 56 கிலோ என்று பதிந்தால் நஷ்டம் 5.2 புள்ளி. 352 கிலோ தூக்கிய 105 கிலோக்காரருக்கு அதே ஒரு கிலோ 1.25 புள்ளிதான். ஒருவரைச் சட்டை, காலணியோடும் இன்னொருவரை அவை இல்லாமலும் நிறுத்தினால், உடல் லேசாக லேச நஷ்டம் பெரிதாகும். மேல் எல்லை இல்லாத கனப் பிரிவிலும் உண்மையான எடை வேண்டும். ‘105-க்கு மேல்’ என்ற குறிப்பை வைத்து யாருக்கும் கணக்குப் போட முடியாது.

மேலே தந்த பட்டியலில் இருப்பவையும் பிரிவின் மேல் எல்லைகளே. அந்த ஆறு பேரின் தராசு எடைகளை நாம் எடுத்துக்கொள்ளவில்லை. எனவே கீழே வரும் வரிசையைப் பயிற்சிக் கணக்காக மட்டும் பாருங்கள், அந்தப் போட்டியின் தீர்ப்பாக அல்ல.

ஒரு வீரருக்குக் கையால் போட்டுப் பார்ப்போம்

கைபேசிக் கணிப்பானைப் படுக்கவைத்தால் log பொத்தான் தெரியும். உடல் எடை 77, மொத்தம் 317.

முதலில் 77 ÷ 175.508 = 0.438726. ஆண்களின் எடை b-ஐவிடக் குறைவாக இருக்கும்வரை இது ஒன்றுக்குக் கீழேதான் வரும்.

அடுத்து அதன் மடக்கை: −0.357806. குறைக்குறி வருவது இயல்பு, பயப்பட வேண்டாம்.

அதை வர்க்கப்படுத்தினால் 0.128025. இங்கே குறைக்குறி போய்விடும்.

A-ஆல் பெருக்கினால் 0.096268.

பத்தின் அடுக்காக அதை ஏற்றினால் 1.248153. இதுதான் 77 கிலோ உடலுக்கான கெழு.

317 × 1.248153 = 395.66.

ஆறு பேருக்கும் இப்படியே போட்டால் வரும் வரிசை இது:

வெங்கட் ராகுல், கெழு 1.187282, சின்கிளேர் மொத்தம் 401.30
விகாஸ் தாக்கூர், 1.135776, 398.66
சதீஷ் சிவலிங்கம், 1.248153, 395.66
தீபக் லாதர், 1.329262, 392.13
பிரதீப் சிங், 1.090008, 383.68
குருராஜா, 1.531340, 381.30

மொத்தத்தில் முதலிடத்தில் இருந்த 352 ஐந்தாம் இடத்துக்கு வந்துவிட்டது. மடங்குக் கணக்கில் முதலிடத்தில் இருந்தவர் கடைசிக்குப் போய்விட்டார். நடுவில் இருந்த 85 கிலோக்காரர் முன்னே வந்திருக்கிறார். இதில் இன்னொன்றும் கவனியுங்கள்: 317 தூக்கியவர் தராசில் 77-க்குப் பதில் 75 கிலோ மட்டும் காட்டியிருந்தால் அவருடைய எண் 401.40 ஆகி, 401.30-ஐத் தாண்டியிருக்கும். எடைப் பதிவேட்டை இவ்வளவு வலியுறுத்துவது அதற்காகத்தான்.

தாளிலிருந்து விரிதாளுக்கு

இருபது பேருக்கு மேல் போனால் கையால் போட வேண்டாம். எக்செல் அல்லது கூகுள் விரிதாளில் B நிரலில் உடல் எடை, C நிரலில் மொத்தம் இருக்கட்டும். D2-வில் கெழுவும் E2-வில் சின்கிளேர் மொத்தமும் இப்படி:

```
D2:  =IF(B2>175.508, 1, 10^(0.75194503*LOG10(B2/175.508)^2))
E2:  =ROUND(C2*D2, 2)
```

பெண்களுக்குத் தனித் தாள் வைத்து, மூன்று எண்களையும் மாற்றுங்கள். b இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்றை மாற்றி மற்றொன்றை மறப்பது அடிக்கடி நடக்கும் தவறு. தாளைத் தயாரித்ததும் 77-ஐயும் 317-ஐயும் போட்டுப் பாருங்கள். 395.66 வந்தால் சூத்திரம் சரி.

தவறு நடந்திருந்தால் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். 77 கிலோவுக்குக் கெழு 3.24 என்று வந்தால் LOG10-க்குப் பதில் LN போட்டிருக்கிறீர்கள். சொந்தமாக நிரல் எழுதுபவர்களுக்கு இது அதிகம் நேரும், ஏனென்றால் பல நிரல்மொழிகளில் log என்று மட்டும் எழுதினால் இயல் மடக்கைதான் கிடைக்கும். கெழு 0.54 என்று ஒன்றுக்குக் கீழே வந்தால் வர்க்கத்தை விட்டுவிட்டீர்கள். கெழு எப்போதும் ஒன்றுக்குக் குறையாது. வயது வந்த ஆண்களுக்கு அது 1-க்கும் ஏறத்தாழ 1.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

கண்ணில் படாத தவறு ஒன்று உண்டு. IF பகுதியை விட்டுவிட்டால், b-ஐத் தாண்டிய கனமானவருக்குக் கெழு மறுபடி ஒன்றுக்கு மேல் ஏறும், ஏனென்றால் வர்க்கம் இரண்டு பக்கத்திலும் கூட்டல்தான். 190 கிலோ எடையுள்ளவருக்கு 1.002 வரும். 400 கிலோ மொத்தத்தில் அது 0.8 புள்ளி. பார்த்தால் சந்தேகம் வராது, ஆனால் இலவசமாகக் கொடுத்த புள்ளி அது. தாளை உடல் எடை வரிசையில் அடுக்கிப் பார்ப்பது நல்ல சோதனை. லேசானவரிலிருந்து கனமானவரை நோக்கி D நிரல் இறங்கிக்கொண்டே வர வேண்டும், b-க்கு அப்பால் 1 என்று நிற்க வேண்டும். எங்காவது ஏறினால் அந்த வரியில் எடை தவறாகத் தட்டச்சாகியிருக்கும், அல்லது சூத்திரம் சிதைந்திருக்கும்.

கெழுவை முன்கூட்டியே முழுமையாக்கவும் கூடாது. 1.248153-ஐ 1.25 என்று எழுதிப் பெருக்கினால் 395.66 என்பது 396.25 ஆகிவிடுகிறது. முதல் இரண்டு பேருக்கு இடையே அரைப் புள்ளி வித்தியாசம் இருக்கும் போட்டியில் இது கோப்பையையே கைமாற்றிவிடும். முழுமையாக்கல் கடைசிப் பெருக்கலுக்குப் பிறகு, ஒரே ஒருமுறை.

பழைய எண்ணும் புதிய எண்ணும்

இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் எல்லாம் ஒரே சுழற்சியின் எண்களைக் கொண்டவை அல்ல. 2021 முதல் 2024 வரையிலான சுழற்சியில் ஆண்களுக்கு A = 0.722762521, b = 193.609. வளைவின் உச்சி 18 கிலோ தள்ளிப் போயிருக்கிறது. மிகக் கனமான பிரிவில் சாதனை பெரிதாக உயர்ந்தால் வளைவின் வலது முனை மேலே இழுபடும், லேசானவர்களின் கெழு கூடும். லாஷா தலஹாட்ஸே 2021 உலகப் போட்டியில் 492 கிலோ வரை மொத்தத்தைக் கொண்டுபோனதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்.

அதே ஆறு பேரைப் புதிய எண்களில் போடுங்கள். சதீஷ் 395.66-லிருந்து 413.95-க்கு ஏறுகிறார், 18 புள்ளிக்கு மேல். ஒருவருக்குப் பழைய கணிப்பான், இன்னொருவருக்குப் புதிய கணிப்பான் என்று கலந்தால் விருது வெறும் குலுக்கல் சீட்டாகிவிடும். எல்லோருக்கும் புதியதையே பயன்படுத்தினாலும் வரிசை மாறுகிறது. ராகுல் 418.11 என முதலிடத்திலேயே நிற்கிறார். ஆனால் சதீஷின் 413.95 விகாஸின் 413.50-ஐத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வருகிறது. குருராஜா 403.62-ஆக உயர்ந்து, 395.90 பெறும் பிரதீப்பை முந்துகிறார். இரண்டு பட்டியல்களில் ஒன்று பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. சூத்திரம் அந்தந்தக் காலத்துச் சாதனைகளை அளவுகோலாக வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எனவே எந்த அளவுகோல் என்பதைப் போட்டிக்கு முன்பே அறிவிக்க வேண்டும். வேறு வேறு சுழற்சிகளில் தூக்கியவர்களை ஒப்பிட வேண்டுமென்றால், அச்சில் வந்த பழைய சின்கிளேர் எண்களை அப்படியே எடுக்காமல், எல்லோருக்கும் ஒரே A, b வைத்து மறுபடி கணக்கிடுங்கள்.

சூத்திரத்தால் முடியாதவை

ஆண்களையும் பெண்களையும் ஒரே பட்டியலில் போட முடியாது. கோல்ட் கோஸ்டில் 48 கிலோ பிரிவில் தங்கம் வென்ற மீராபாய் சானுவின் மொத்தம் 196. பிரிவு எல்லையை எடையாகக் கொண்டு பெண்களுக்கான எண்களில் போட்டால் 310.68 வரும். இதை 401-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தவறு. பெண்களின் சூத்திரம் மிகக் கனமான பெண் வீராங்கனையின் நிலைக்கு உயர்த்திக் காட்டுகிறது, ஆண்களின் சூத்திரம் ஆணின் நிலைக்கு. இரண்டும் வேறு ஏணிகள். விருதும் இரண்டாக இருக்கட்டும்.

வயதைச் சின்கிளேர் கண்டுகொள்வதில்லை. மூத்தோர் போட்டிகளில் சின்கிளேர் மொத்தத்தை வயதுக்கான இன்னொரு எண்ணாலும் பெருக்குவார்கள். அந்த முறைக்கு மலோன், மெல்ட்சர் பெயர்களையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். சிறுவர்களிடமோ வேறு சிக்கல். இந்த வளைவு பெரியவர்களின் உலகச் சாதனைகளிலிருந்து வந்தது. 40 கிலோ எடையுள்ள பையனுக்கு 2017–2020 எண்களில் கெழு 2.04 வருகிறது. அந்த எடையில் பெரியவர்களுக்கான பிரிவே கிடையாது, அதாவது வளைவின் அந்தப் பகுதிக்கு அடியில் தரவு இல்லை. பள்ளி மாணவர்களும் பெரியவர்களும் ஒரே நாளில் தூக்கினால், சிறுவர்களுக்குத் தனி விருது வைப்பதே எங்கள் பரிந்துரை.

வலுதூக்கும் போட்டியின் மொத்தத்தை இதில் போடவே கூடாது. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் ஆகிய மூன்றும் வேறு தூக்கல்கள். அவற்றுக்கு வில்க்ஸ், டாட்ஸ் போன்ற தனிச் சூத்திரங்கள் உண்டு. பளுதூக்குதலிலேயே ராபி புள்ளிகள் என்று இன்னொரு முறையும் இருக்கிறது. அது உடல் எடையையே கேட்பதில்லை, அந்தப் பிரிவின் உலகச் சாதனைக்கு எவ்வளவு அருகில் வந்தார் என்று மட்டும் பார்க்கும். சாதனையைச் சமன் செய்தால் 1000 புள்ளி, அதில் பாதி தூக்கினால் 100. பிரிவின் எல்லைக்குள் ஒருவர் லேசாக இருப்பதற்கு அங்கே பலன் கிடையாது. உள்ளூர்ப் போட்டிகளுக்குச் சின்கிளேரே பொருத்தம் என்பது எங்கள் கருத்து, ஏனென்றால் அங்கே எடைப் பிரிவுகளை அடிக்கடி ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

கடைசி முயற்சியில் இதைப் பயன்படுத்துவது

கெழு விருதுக் குழுவுக்கு மட்டும் உரியதல்ல. எடை பார்த்து முடிந்ததும் உங்கள் வீரரின் கெழு மாறாது, அதைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள். முந்த வேண்டியவரின் சின்கிளேர் மொத்தத்தை உங்கள் வீரரின் கெழுவால் வகுத்தால் தேவையான மொத்தம் வந்துவிடும். 401.30-ஐத் தாண்ட 94 கிலோக்காரருக்கு 401.30 ÷ 1.135776 = 353.3. பட்டையில் ஒரு கிலோவுக்குக் குறைவாக ஏற்ற முடியாது என்பதால் 354, அதாவது தூக்கியதைவிட 3 கிலோ. 77 கிலோக்காரருக்கு 401.30 ÷ 1.248153 = 321.5, ஆகவே 322, அதாவது 5 கிலோ. கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்றாம் முயற்சிக்கு எடையை அறிவிக்கும் முன் இந்த வகுத்தலை முடித்திருக்க வேண்டும். விருதுக்கு ஒரு கிலோ போதாமல் நிற்பதும், தேவையில்லாமல் நான்கு கிலோ கூட்டிப் பட்டையைக் கீழே போடுவதும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன.